உதவி: ‘தோழீ’, ‘கோதாய்’ – நாடகப் பிரதியில் பிழையா, சரியா?

மேடைப்பித்தன்:
பாண்டியர் காலத்துக் கதை ஒன்றை நாடகமாக்குகிறோம். பிரதியைப் படித்த ஒருவர் கீழே உள்ளவற்றை எல்லாம் சிவப்பில் சுழித்துவிட்டார்.

“தோழீ! படகை நிறுத்து!” (அக்கரையில் நிற்பவளை அழைப்பது)
“கோதாய், ஏன் அழுகிறாய்?”
“அன்னாய், விடை கொடு.”
“மாறாக் கேள்.”

பெயரின் கடைசி எழுத்தை மாற்றக் கூடாது, தோழி, கோதை, அன்னை என்றே இருக்கட்டும் என்கிறார். எதை மாற்றுவது, எதை விடுவது?

வெண்பாப்பிரியன்:
உங்கள் பிரதிதான் சரி. ‘ஐ’யில் முடிந்தால் ‘ஆய்’, ‘இ’யில் முடிந்தால் ‘ஈ’, ‘அன்’ என்று முடிந்தால் ‘ஆ’. தொல்காப்பியம் விளிமரபிலேயே இருக்கிறது. மாற்றாமல் எழுதினால்தான் பிழை. ‘அன்னாய்’ என்று தொடங்கிவிட்டு அடுத்த வரியில் ‘அன்னை’ என்று கூப்பிடவும் கூடாது. முறைப்பெயர் என்றால் ‘ஏ’ போட வேண்டும்: மகனே, மருமகனே, அண்ணனே.

ஏட்டுச்சுவடி:
முதல் பாதி சரி. மாற்றாவிட்டால் பிழை என்பது சரியில்லை. அதே விளிமரபில் “அண்மைச் சொல்லே இயற்கை ஆகும்” என்றும் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரை அழைக்கும்போது பெயர் அப்படியே நிற்கலாம். நன்னூலும் விளியின் வகைகளில் ‘இயல்பு’ என்று ஒன்றைச் சொல்கிறது. இரண்டும் கலக்கக் கூடாது என்பதற்கு ஐங்குறுநூறே மறுப்பு: “அன்னாய் வாழி வேண்டு அன்னை”. ஒரே அடி, ஒரே தாய், இரண்டு வடிவம்.

ஆகவே பிரதியில் பார்க்க வேண்டியது தூரத்தை. அக்கரையில் நிற்பவளுக்கு ‘தோழீ’ பொருத்தம்; நடிகை அந்த ‘ழீ’யை இழுத்துச் சொல்ல எழுத்தே வழிகாட்டும். அடுத்த காட்சியில் அவளே அருகில் உட்கார்ந்திருந்தால் “தோழி, என்ன யோசனை?” போதும். அங்கும் ‘தோழீ’ என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் நடிகை கத்துவார்.

‘அன்னாய்’ அப்படியே இருக்கட்டும். ‘அன்னா’ என்பதும் உண்டு. ‘ஐ’யில் முடியும் முறைப்பெயர் ‘ஆ’ ஏற்கலாம். ஆனால் இன்றைய காதுக்கு அது வேறு யாரோ ஒருவரின் பெயராகக் கேட்கும். தவிர்ப்பது நல்லது.

பிழை என்றால் நான்காவது வரிதான். விளிக்குப் பின் வல்லினம் மிகாது. ‘மாறாக் காதல்’ என்றால் மாறாத காதல். ‘மாறாக் கேள்’ என்று எழுதினால் வாசிப்பவர் அந்தப் பக்கம் போய்விடுவார். “மாறா, கேள்” என்று காற்புள்ளி போட்டுப் பிரியுங்கள். அருகில் இருப்பவனை ‘மாற’ என்று அழைப்பதற்கும் இலக்கணம் இடம் தருகிறது. மேடையில் வேண்டாம், ‘மாற வேண்டும்’ என்பதன் பாதி போல விழும்.

வெண்பாப்பிரியன்:
ஐங்குறுநூற்று அடி மறந்துபோயிற்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘அண்ணனே’?

ஏட்டுச்சுவடி:
மகன், மருமகன் இரண்டுக்கும் நீங்கள் சொன்னது பொருந்தும். யாரும் ‘மகா’ என்று கூப்பிடுவதில்லை. அண்ணன், மாமன், அப்பன் மூன்றும் வழக்கில் அண்ணா, மாமா, அப்பா ஆகிவிட்டன. ‘அண்ணனே’ சுவரொட்டிக்குப் பொருந்தும், வீட்டுக்குள் வசனமாகப் பொருந்தாது.

பனங்கூடல்:
நான் யாழ்ப்பாணம். நாங்கள் ‘அண்ணை’ எண்டுதான் கூப்பிடுறது. கடிதத்தில ‘அன்புள்ள அண்ணை’ எண்டு எழுதினால் பிழை எண்டு இங்க ஒருத்தர் சொல்லுறார், ‘அண்ணா’ எண்டு மாத்தவேணுமாம். உங்கட விதிப்படி ‘அண்ணாய்’ எண்டோ வரவேணும்?

ஏட்டுச்சுவடி:
வேண்டாம். உங்கள் பேச்சில் ‘அண்ணை’ அழைக்கும் வடிவமாகவே நிற்கிறது. அதை மேலும் திரிக்க ஒன்றுமில்லை. சொந்த அண்ணனுக்கு எழுதும் கடிதத்தில் தாராளமாக எழுதலாம். அலுவலகக் கடிதம் என்றால் விளியே வேண்டாம், ‘அண்ணனுக்கு’ என்று முடித்துவிடுங்கள்.

மேடைப்பித்தன்:
நன்றி. ‘கோதாய்’ பற்றி யாரும் சொல்லவில்லையே?

வெண்பாப்பிரியன்:
சரியான வடிவம். திருப்பாவையில் ‘பிள்ளாய்’, ‘பாவாய்’ எல்லாம் வருகின்றன. அதே அச்சு.

ஏட்டுச்சுவடி:
வடிவத்தில் தகராறு இல்லை. பிள்ளை, பாவை பொதுச்சொற்கள். கோதை இங்கே பாத்திரத்தின் பெயர். முதல் காட்சியிலேயே ‘கோதாய்’ என்று வந்தால் பார்வையாளர் அதுதான் அவள் பெயர் என்று நினைப்பார். வேறொருவர் வாயால் ‘கோதை’ என்ற பெயர் ஒருமுறை விழுந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் ‘கோதை’ என்றே விடுவேன். அழுகிறவள் அருகில்தானே நிற்கிறாள்.

வெண்பாப்பிரியன்:
பாண்டியர் காலத்து நாடகத்தில் அந்தச் சுவையும் போய்விட்டால் எப்படி? ‘கோதாய்’ இருக்கட்டும் என்பதே என் வாக்கு.

மேடைப்பித்தன்:
இரண்டையும் ஒத்திகையில் சொல்லவைத்துப் பார்க்கிறேன். ‘மாறாக்’ இப்போதே திருத்தியாயிற்று.