15 வருடத் தொழிற்சாலை அனுபவம் வகுப்பறையில் செல்லுமா?

மோட்டார்காரன், கோவை:
வயது 41. மின்பொறியியல் படித்துவிட்டு 15 வருடமாக பம்ப்செட் மோட்டார் வடிவமைப்பில் இருக்கிறேன். வேலையை விட்டு பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் 9, 10ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்க ஆசை. என் அனுபவம் வகுப்பில் உதவுமா? இல்லை, 23 வயதில் வருகிறவரைப் போல நானும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

முன்னாள் டெவலப்பர்:
நிச்சயம் உதவும் சார். நான் மென்பொருள் வேலையை விட்டு வந்த கணக்கு ஆசிரியர். "இதைப் படித்து என்ன பயன்?" என்று ஒரு பையன் கேட்டால் என்னிடம் உண்மையான பதில் இருக்கிறது. ஆயத்தொலைவை வைத்து வரைபடச் செயலி எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். பி.எட். என்பது ரெக்கார்டு நோட்டு எழுதும் வேலைதான். பாடம் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது தானாக வந்துவிடும்.

கரும்பலகை:
கடைசி வரியை மட்டும் ஏற்க முடியாது. நான் இயற்பியல் ஆசிரியர், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த ஒருவர் எங்கள் பள்ளியில் சேர்ந்தபோது அவர் வகுப்புகளில் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் பொறுப்பு எனக்கு. பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும், அதனால்தான் ஸ்டார்ட்டர் வைக்கிறோம் என்று அழகாக விளக்கினார். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

வகுப்பு முடியும் நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டுமா என்றேன். ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடரிணைப்பு, ஒரு பேட்டரி. எது பிரகாசமாக எரியும்? பாதிப்பேருக்கு மேல், பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் என்றார்கள். காரணம் கேட்டால், "முதல் பல்பு கொஞ்சம் கரண்டை எடுத்துக்கும், மிச்சம்தானே அடுத்ததுக்குப் போகும்" என்று பதில். இதே பிள்ளைகள் V = IR கணக்கில் முழு மதிப்பெண் வாங்குகிறவர்கள். சூத்திரத்தில் எண்ணைப் போட்டுவிட முடிவதால் இந்தத் தவறான எண்ணம் தேர்வுத்தாளில் வெளியே தெரிவதே இல்லை.

அவர் திகைத்துப்போனார். மின்னோட்டம் வழியில் தீர்ந்துபோகும் என்று யாராவது நினைக்கக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. பாடம் நன்றாகத் தெரிந்ததால்தான் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள் என்று தெரிந்திருப்பது பாட அறிவிலிருந்து வேறான ஓர் அறிவு என்று கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இலேயே எழுதினார். 15 வருடத் தொழிற்சாலை அனுபவம் அதைத் தராது.

முன்னாள் டெவலப்பர்:
சரி சார், ஆனால் நேற்று பி.எட். முடித்து வந்த பெண்ணுக்கு மட்டும் அது தெரியுமா?

கரும்பலகை:
பெரும்பாலும் தெரியாது. அதில் இருவரும் சமம்தான்.

2013 டெட்:
உங்களுக்கெல்லாம் இது பொழுதுபோக்கு. 2013இல் டெட் தேர்ச்சி பெற்றுவிட்டு வேலைக்காகக் காத்திருந்தே வயதான எங்களை யார் பார்க்கிறார்கள்? நல்ல சம்பளம் வாங்கி முடித்துவிட்டு வந்து இருக்கிற இடத்தையும் பிடிக்க வேண்டுமா?

மோட்டார்காரன், கோவை:
உங்கள் கோபம் நியாயமானது. நான் கேட்டது தனியார் பள்ளி பற்றி.

2013 டெட்:
அங்கேதான் நாங்கள் இத்தனை வருடம் குறைந்த சம்பளத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சேமிப்பு வைத்திருக்கிறவர் "எவ்வளவு கொடுத்தாலும் சரி" என்று வந்தால் எங்கள் சம்பளம் எப்படி ஏறும்?

மோட்டார்காரன், கோவை:
இதை நான் யோசித்ததில்லை. கரும்பலகை சார், அந்த நண்பர் அப்புறம் என்ன செய்தார்?

கரும்பலகை:
அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம். அடுத்த வகுப்புக்கு இரண்டு 1.5 வோல்ட் செல்கள், 2.5 வோல்ட் டார்ச் பல்புகள், ஓர் அம்மீட்டர் கொண்டுவந்தார். முதலில் எல்லோரும் தங்கள் ஊகத்தை நோட்டில் எழுத வேண்டும் என்றார். இதை மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன். கை தூக்கச் சொன்னால் முதல் ரேங்க் வாங்குகிறவரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள்.

பிறகு நடந்தது முழுக்க அவருடைய திறமை. ஒரே வகைப் பல்புகளிலும் வெளிச்சம் சற்று வித்தியாசப்படும். முதல் பல்பு தற்செயலாகப் பிரகாசமாக எரிந்துவிட்டால் பிள்ளைகள் "பார்த்தீங்களா சார்" என்பார்கள். அவர் முந்தின நாளே பத்துப் பன்னிரண்டு பல்புகளைச் சோதித்து ஒத்துப்போகும் ஜோடியைப் பொறுக்கி வைத்திருந்தார். வகுப்பில் இடம் மாற்றிப் போட்டும் காட்டினார். அம்மீட்டரைப் பல்புகளுக்கு முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்திலும் வைத்தார். எல்லா இடத்திலும் 0.2 ஆம்பியருக்குப் பக்கத்தில்தான். ஒரு பையன் விடவில்லை, கடைசியில் முள் ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது என்றான். நானாக இருந்தால் "கிட்டத்தட்ட ஒன்றுதான்" என்று தாண்டிப் போயிருப்பேன். அவர், "முதல் இடத்திலேயே மூன்று தடவை கழற்றி மாட்டிப் பார்" என்றார். அங்கேயே அளவு அந்த மயிரிழைக்கு மாறி மாறி வந்தது. கருவியை எவ்வளவு நம்பலாம் என்று அந்தப் பையன் தானே கண்டுகொண்டான். இந்தப் பழக்கம் பி.எட். கல்லூரியில் வராது.

அப்புறம் ஒரு பெண் கேட்டாள், "கரண்ட் குறையலைன்னா பேட்டரி ஏன் சார் தீர்ந்துபோகுது?" வருடம் முழுக்க அந்த வகுப்பில் கேட்கப்பட்ட ஆகச் சிறந்த கேள்வி அதுதான். மின்னோட்டம் அப்படியே சுற்றி வருகிறது, செல்லின் வேதி ஆற்றல்தான் பல்பில் வெப்பமாகவும் ஒளியாகவும் போகிறது என்பதில் போய் முடிந்தது.

ராஜி, வங்கி:
நல்ல சோதனை. ஆனால் எத்தனை பீரியட் ஆயிற்று என்று சொல்லுங்கள் சார். நான் வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ப்ளஸ் ஒன் வணிகவியல் எடுக்கப் போனவள். ஒரு கல்வியாண்டோடு விட்டுவிட்டேன். பிள்ளைகளால் அல்ல. கிளையில் எதிரே ஒரு வாடிக்கையாளர்தான் இருப்பார், ஒரு வேலையை ஒரு தடவை சொன்னால் முடிந்துவிடும். இங்கே நாற்பது பேரிடம் ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொல்ல வேண்டும், மணி அடித்ததும் பாதியில் நிறுத்த வேண்டும். இரவு முழுக்கத் திருத்தும் கட்டு. அதோடு என் மகள் வயதுள்ள ஒருங்கிணைப்பாளர் என் பாடக்குறிப்பில் சிவப்பு மையால் எழுதுவார். அவர் எழுதியது பெரும்பாலும் சரிதான், இருந்தும் தாங்க முடியவில்லை.

கரும்பலகை:
இரண்டு பீரியட் ஆயிற்று மேடம். போர்ஷன் பின்தங்கி, தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். அந்த நண்பர் நேரத்தைத் தானே வகுத்துக்கொண்டு பழகியவர், அதை முதல் வருடம் முழுக்கச் சமாளிக்கத் திணறினார். இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார்.

மோட்டார்காரன் சார், ராஜினாமாவுக்கு முன்னால் இதைப் பாருங்கள். பி.எட். 2015இலிருந்து இரண்டு வருடம். அதில் இரண்டாம் வருடம் 16 வாரம் பள்ளியில் பயிற்சி, அதைக் கையெழுத்துக்காக முடிக்காதீர்கள். பி.இ. படித்தவர்களை எல்லாக் கல்லூரியும் ஒரே மாதிரி எடுப்பதில்லை, மதிப்பெண் வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். ப்ளஸ் டூ இயற்பியல் எடுக்க முதுகலை இல்லாமல் முடியாது.

முன்னாள் டெவலப்பர்:
ஸ்டார்ட்டர் கதை வீண் என்று இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கதையைக் கேட்டு ஆர்வம் வந்ததால்தான் பேட்டரி பற்றி அந்தப் பெண் கேட்டிருப்பாள்.

கரும்பலகை:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் ஊகம் பொய்த்ததைக் கண்ணால் பார்த்ததால் கேட்டாள். கதையைச் சோதனைக்குப் பிறகு சொல்லியிருந்தால் அதுவும் ஆழமாக இறங்கியிருக்கும்.

மோட்டார்காரன், கோவை:
என் பையன் ஒன்பதாவது. இரவு அவனிடம் அந்தப் பல்புக் கேள்வியைக் கேட்டேன். முதல் பல்புதான் என்றான், உறுதியாக. அவன் அப்பா மோட்டார் செய்கிறவன். இந்த வாரம் டார்ச் பல்பு வாங்கப் போகிறேன். அது ஒரு பக்கம் இருக்க, 2013 டெட் நண்பர் கேட்ட சம்பளக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.