அசிட்டேட் உள்துணியில் பால்பாயிண்ட் பேனா மை: எதனால் எடுப்பது?

நான்கு நாட்களுக்கு முன் சட்டைப் பையில் பேனா கசிந்து, பருத்திச் சட்டையிலும் அதன்மேல் அணிந்திருந்த கோட்டின் உள்துணியிலும் நீல மை படிந்துவிட்டது.

சட்டைக்கு அடியில் வெள்ளைத் துணியை வைத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்து, அடித்துணியை இடம் மாற்றிக்கொண்டே இருந்ததில் கறை முழுவதும் போய்விட்டது.

உள்துணி அசிட்டேட் என்று லேபிளில் உள்ளது. நகப்பூச்சு நீக்கியை அதன் மறைவான தையலோரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். பருத்தியை ஒன்றும் செய்யாத அந்த அசிட்டோன், இந்த இழையையே கரைத்து, பிசுபிசுத்து, காய்ந்ததும் அட்டைபோல் விறைக்கச் செய்துவிட்டது. நல்லவேளையாகக் கறையின்மேல் நேராக ஊற்றவில்லை. சோப்பு நீரில் மை சற்றும் அசையவில்லை.

ஒரு பங்கு ஸ்பிரிட்டுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து ஒற்றினால், அசிட்டேட் இழையும் அதன் கருநீலச் சாயமும் கெடாமல் இந்த மை இளகுமா?