ஜிஎஸ்டி நோட்டீஸ்: கர்த்தா வெளிநாட்டில், பதிலில் யார் கையெழுத்து போடுவது?

எங்கள் கடை இந்து கூட்டுக் குடும்பத்தின் பெயரில் ஜிஎஸ்டி பதிவு பெற்றது. கர்த்தா பெரியப்பா. அவர் இப்போது சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார், திரும்பி வர சில மாதங்கள் ஆகும். இதற்கிடையில் DRC-01 நோட்டீஸ் வந்திருக்கிறது. DRC-06-இல் பதில் போட வேண்டும்.

சிஜிஎஸ்டி விதி 26-ஐப் படித்தேன். கம்பெனி என்றால் தலைமைச் செயல் அதிகாரி, கூட்டு நிறுவனம் என்றால் மைனர் அல்லாத எந்தப் பங்குதாரரும், டிரஸ்ட் என்றால் டிரஸ்டிகளில் ஒருவர். இவர்களுக்குப் பதில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரும் போடலாம். கூட்டுக் குடும்பத்துக்கு மட்டும் வாசகம் வேறு மாதிரி. கர்த்தாதான் போட வேண்டும். அவர் இந்தியாவில் இல்லாவிட்டாலோ மனநலம் குன்றியிருந்தாலோதான் குடும்பத்தின் வேறொரு வயதுவந்த உறுப்பினரோ, கர்த்தாவின் கையொப்பதாரரோ போடலாம். அதனால் அவர் ஊரில் இருந்து வேலையாக இருந்தால் நான் போட முடியாது, வெளிநாட்டில் இருப்பதால் முடியும் என்றே எனக்குப் படுகிறது.

சிக்கல் போர்ட்டலில்தான். உள்ளே பெரியப்பா ஒருவரே கையொப்பதாரர், ஓடிபி அவருடைய எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் போகிறது. அவர் ஓடிபி சொல்ல நான் பதிலை ஏற்றினால், சரிபார்த்தவர் அவர் என்றே பதிவாகும். உண்மையில் விவரம் தெரிந்து பதில் எழுதியவன் நான். பின்னால் அதிகாரி கேட்டால் இது நிற்குமா?

அல்லது முதலில் REG-14 திருத்தம் போட்டு, அங்கீகாரக் கடிதத்துடன் என்னைக் கையொப்பதாரராகச் சேர்த்துவிட்டு அப்புறம் பதில் போடுவது நல்லதா? பாஸ்போர்ட் நகலையும் இணைக்க வேண்டுமா? இதே நிலையில் பதில் போட்டவர்கள், கணக்காளர்கள் சொல்லுங்கள். கெடு நெருங்குகிறது.