d5 சிப்பாய் சும்மா கிடக்கிறதா? எலிபன்ட் ட்ராப்: ஆட்டங்களில் கண்டவை

ஏழாம்வரிசை:
குயின்ஸ் கேம்பிட் டிக்லைன்டில் திரும்பத் திரும்ப விழும் ஒரு பொறி இது. வெள்ளை ஒரு சிப்பாயை எடுக்கப் போய் ஒரு குதிரையை முழுசாக இழக்கிறது. 1848-லேயே பெர்லினில் மாயெட், ஹார்விட்ஸ் ஆடிய ஆட்டத்தில் இதே யோசனை வந்துவிட்டது. இன்றைக்கும் ஆன்லைன் பிளிட்ஸில் விழாத நாள் இல்லை. உங்கள் ஆட்டங்களில் இது எந்த வடிவத்தில் வந்தது, எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று எழுதுங்கள். நகர்வுகள் இவை:

```
1.d4 d5 2.c4 e6 3.Nc3 Nf6 4.Bg5 Nbd7
5.cxd5 exd5 6.Nxd5? Nxd5! 7.Bxd8 Bb4+
8.Qd2 Bxd2+ 9.Kxd2 Kxd8
```

கணக்குப் பார்த்தால் ராணிக்கு ராணி, பிஷப்புக்கு பிஷப். அதற்கு மேல் கறுப்புக்கு ஒரு குதிரை, வெள்ளைக்கு ஒரு சிப்பாய்.

சாய்வுக்கோடு:
பலரும் 6.Nxd5-ஐத்தான் பார்க்கிறார்கள். பொறி வைக்கப்பட்டது அதற்கு முன்பே, 4...Nbd7-ல். அந்தக் குதிரை d7-க்கு வராமல் இருந்திருந்தால், e6 சிப்பாய் d5-க்குப் போன பிறகும் d பாதை வழியாக ராணியும் d5-ஐக் காத்துக்கொண்டிருக்கும். அப்போது அந்தச் சிப்பாயை எடுக்க யாருக்கும் கை போகாது. குதிரை d7-ல் உட்கார்ந்ததும் ராணியின் பார்வை மறைகிறது. மிச்சம் இருப்பது f6 குதிரை ஒன்றுதான். அதையும் g5 பிஷப் ராணியோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆக வெள்ளையின் கண்ணுக்கு d5 அநாதையாகத் தெரிகிறது.

இந்தக் கட்டு ராஜாவோடு இல்லை, ராணியோடு. ராஜாவுக்கு முன்னால் கட்டுண்ட காய் நகர விதியே இடம் தராது. ராணிக்கு முன்னால் கட்டுண்டது தாராளமாக நகரலாம், விலை கொடுக்கத் தயார் என்றால். இங்கே b4-ல் வரும் செக் அந்த விலையை அடுத்த நகர்விலேயே திரும்ப வாங்கிவிடுகிறது.

மாலைஆட்டம்:
சார், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது எதிராளி பேராசைப்பட்டா மட்டும்தான். 6...Nxd5 வந்ததும் வெள்ளை ராணியை எடுக்காம பிஷப்பைப் பின்னாடி இழுத்துக்கிட்டா ஒண்ணும் நடக்காது. அதனால இதைப் பெரிய பொறின்னு சொல்ல முடியாது.

சாய்வுக்கோடு:
பாதி சரி. 7.Bd2 ஆடினால் ராணிகள் பலகையில் நிற்கும், அவ்வளவுதான். உங்கள் குதிரை ஏற்கெனவே d5-ல் போய்விட்டது, பதிலுக்கு வந்தது ஒரு சிப்பாய். 9...Kxd8 வரை போனாலும் அதே கணக்குதான். இன்னொன்று, பிஷப்பை இழுத்தே ஆக வேண்டும். f6 காலியானதும் d8 ராணி g5 பிஷப்பை நேரே பார்க்கிறாள். அதை மறந்து 7.e3 ஆடினால் 7...Qxg5, இரண்டாவது காயும் போகும்.

விழுந்த பிறகு எது மேல் என்பது வேறு கேள்வி. என் அபிப்பிராயம் 7.Bd2. ராணிகள் இருந்தால் கறுப்பு தடுமாற வாய்ப்பு மிச்சம் இருக்கும், அடுத்து e4 ஆடி குதிரையை விரட்டி நடுப்பகுதியையும் பிடிக்கலாம்.

ஏழாம்வரிசை:
அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ராணி இருந்தால் கறுப்பும் தாக்கலாமே. வலுவான எதிராளி என்றால் இரண்டு வழியும் தோல்விதான். பிளிட்ஸில் Bd2 ஆடலாம் என்ற அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன்.

புதுச்சிப்பாய்:
ராணியைக் கொடுத்துட்டு f7-ல பிஷப் செக் வெச்சு குதிரையால மேட் பண்றது, அதைத்தானே சொல்றீங்க அண்ணா? எனக்கு அது ரெண்டு தடவை வந்திருக்கு.

ஏழாம்வரிசை:
இல்லை தம்பி, நீங்கள் சொல்வது லெகால் மேட். அது e4 e5 ஆட்டத்தில் வெள்ளைக்கு வருவது. கட்டுண்ட குதிரை துணிந்து நகரும் விஷயம் மட்டும் இரண்டிலும் பொது. அங்கே முடிவு மேட். இங்கே மேட் கிடையாது, ராணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு காய் கூடுதலாக வைத்து நீண்ட ஆட்டம் ஆட வேண்டும்.

கறுப்புக்கட்டம்:
நான் எப்போதும் கறுப்பில் 4...Nbd7 ஆடுபவன். Bg5, Nbd7 இரண்டும் வந்துவிட்டால் d5-ஐப் பற்றிக் கவலையே வேண்டாம், எடுத்தால் b4 செக் இருக்கிறது என்று நிம்மதியாக மற்ற வேலையைப் பார்ப்பேன்.

சாய்வுக்கோடு:
அந்த நிம்மதிதான் ஆபத்து. b4 செக்குக்கு வெள்ளையிடம் ராணியைத் தவிர வேறு பதில் இருக்கக் கூடாது, அப்போதுதான் பொறி பலிக்கும். மேலே உள்ள நிலையை மறுபடி பாருங்கள். ராஜா e1-ல். e2, f2-ல் சொந்தச் சிப்பாய்கள், d1-ல் ராணி, f1-ல் பிஷப், d2 கறுப்பு பிஷப்பின் பார்வையில். நகர இடமில்லை. நடுவில் வந்து நிற்கக் கூடியது ராணி மட்டும். இதில் ஒரு காய் இடம் மாறினாலும் கதை தலைகீழ்.

வெள்ளை ஏற்கெனவே e3 ஆடியிருந்தால் e2 காலி. உதாரணமாக 5.cxd5 exd5 6.e3 என்று வைத்துக்கொள்வோம். இப்போது கறுப்பு 6...a6 போல ஒரு சோம்பேறி நகர்வு ஆடினால்:

```
7.Nxd5! Nxd5 8.Bxd8 Bb4+ 9.Ke2 Kxd8
```

வெள்ளைக்கு ராணியும் சிப்பாயும், கறுப்புக்கு பிஷப்பும் குதிரையும். பொறி வைத்தவரே விழுந்தாயிற்று. அதனால் 6.e3 வந்ததுமே d5 உண்மையாகவே ஆபத்தில் இருக்கிறது என்று கறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். 6...c6 ஆடினால் இன்னொரு சிப்பாய் காவலுக்கு வரும். 6...Be7 ஆடினால் ராணிக்கு முன்னால் பிஷப் நிற்பதால் கட்டே இல்லை. அப்போது 7.Nxd5? Nxd5 8.Bxe7 Nxe7 என்று மறுபடி வெள்ளைக்குத்தான் ஒரு காய் நஷ்டம்.

குதிரைத்தடம்:
எனக்கு வந்த நிலை இது. நான் வெள்ளை, e3 ஆடவில்லை, ஆனால் Nf3 ஆடியிருந்தேன். e2-ல் சிப்பாய் இருந்ததால் பயந்து d5-ஐ எடுக்காமல் விட்டேன். எடுத்திருக்கலாமா?

சாய்வுக்கோடு:
எடுத்திருக்கலாம். f3 குதிரை d2-க்கு வந்து செக்கைத் தடுக்கும். கறுப்பு அந்தக் குதிரையை எடுத்தால் உங்கள் ராணி திரும்ப எடுப்பாள், பிறகு Kxd8. கடைசியில் உங்கள் ராணிக்கும் ஒரு சிப்பாய்க்கும் எதிராக அவரிடம் இரண்டு குதிரைகள் கூடுதல், அவ்வளவுதான். எடுக்காமல் உடனே Kxd8 ஆடினாலும் பிஷப்பும் குதிரையும்தான் மிஞ்சும். a3 ஏற்கெனவே ஆடியிருந்தால் இன்னும் சுலபம், b4-க்கு வரும் பிஷப்பை சிப்பாயே தின்றுவிடும். ஆனால் கறுப்பு c6 ஆடிவிட்டாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆடியிருந்தால் d5-ஐ இன்னொரு சிப்பாய் காக்கிறது, இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மாலைஆட்டம்:
அப்போ வெள்ளையில ஆடும்போது எதைப் பார்த்துட்டு எடுக்கணும்னு ஒரே வரியில சொல்லுங்க சார்.

சாய்வுக்கோடு:
d5-ல் கை வைக்கும் முன் f8 பிஷப்பைப் பாருங்கள். அது b4-க்கு வர வழி திறந்திருந்து, உங்கள் e2 சிப்பாயும் g1 குதிரையும் வீட்டிலேயே இருந்தால் எடுக்காதீர்கள். 6.e3 போதும். அது வளர்ச்சி நகர்வு, பொறியை உடைக்கிறது, போதாததற்கு d5-ஐ உண்மையாகவே மிரட்டவும் செய்கிறது.

கறுப்புக்கட்டம்:
சரி, e3, Nf3 விஷயம் எனக்கு உறைக்கிறது. கறுப்பு பக்கத்தில் இன்னொரு சந்தேகம். 8.Qd2-க்குப் பிறகு உடனே ராணியை எடுக்கணுமா, இல்லை முதலில் d8 பிஷப்பை எடுக்கலாமா? ராணி எங்கேயும் ஓட முடியாதே.

ஏழாம்வரிசை:
நல்ல கேள்வி. 8...Kxd8 ஆடினால் வெள்ளைக்கு 9.Qxb4 Nxb4 தவிர உருப்படியான வழி இல்லை. காய்க் கணக்கு அதேதான். வித்தியாசம், இப்போது Nc2+ ஆடி ராஜாவையும் a1 யானையையும் சேர்த்துப் பிடிக்கும் மிரட்டல் இருக்கிறது. 10.Rc1 என்று காத்தால் 10...Nxa2, சிப்பாயும் போய் யானையும் தாக்கப்படும். 10.0-0-0 ஆடினாலும் 10...Nxa2+ 11.Kb1 Nb4, குதிரை பத்திரமாகத் திரும்பிவிடும். ராஜாவே 10.Kd2 என்று c2 காவலுக்கு வருவதுதான் வழி. வழக்கமான 9...Kxd8 நிலையில் வெள்ளை 10.e4 ஆடி d5 குதிரையை விரட்டும். இதில் அந்தத் தொந்தரவு இல்லை. எனக்கு இதுதான் பிடிக்கும்.

சாய்வுக்கோடு:
Kd2-க்குப் பிறகு a3 வந்து அந்த b4 குதிரையை விரட்டுமே. ஒரு நகர்வு அங்கே போகிறது அல்லது இங்கே போகிறது. நான் 8...Bxd2+ பக்கம். 10.e4-க்கு 10...N5f6 ஆடினால் குதிரை e4-ஐயே தாக்கும், வெள்ளை f3 என்று காக்க வேண்டும், பிறகு ...Re8, ...c5 என்று அந்த d4, e4 சிப்பாய்களைக் குத்தலாம். குத்தாமல் சும்மா உட்கார்ந்தால் அந்த இரண்டும் முன்னேறி குதிரைகளுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

ஏழாம்வரிசை:
நான் 8...Kxd8-ஐ விடுவதாக இல்லை. பார்ப்போம்.

குதிரைத்தடம்:
ஒரு கேள்வி பாக்கி. வெள்ளை எடுக்கவே இல்லையென்றால் 4...Nbd7 வீணான நகர்வா?

சாய்வுக்கோடு:
இல்லை. 5.e3 c6 6.Nf3 Qa5 என்று போனால் கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ் தடுப்பு, 1904-ல் அமெரிக்காவில் நடந்த போட்டியின் பெயர் அது. ராணி d8-ஐ விட்டு நகர்ந்ததால் கட்டும் அவிழ்கிறது, c3 குதிரை மேல் அழுத்தமும் வருகிறது. பொறி என்பது இந்த நகர்வின் உபரி வருமானம்தான். அதை மட்டும் நம்பி ஆடுவோர் 5.e3 வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் யோசித்து நேரத்தை விடுவதை நிறையப் பார்க்கலாம்.