பேக்சைட் தூரம் சரியாக வந்தது, தூண்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் போயின

சைட் எஞ்சினியர்:
போன மாதம் எனக்கு நடந்தது. சர்வே ஆட்கள் டோட்டல் ஸ்டேஷன் கருவியில், அது நிற்கும் புள்ளியின் கோஆர்டினேட் எதுவும் போடாமல், திசை பிடிக்க வைத்த தெரிந்த புள்ளியான பேக்சைட்டைப் பார்த்துக் கோணத்தை 0 ஆக்கிவிட்டு, 28 காலம், அதாவது கட்டடத் தூண் புள்ளிகளுக்கும் கோணம், சாய்வுத் தூரம், நேர் மேலிருந்து அளக்கும் ஜெனித் கோணம் மட்டும் எடுத்து வந்தார்கள். அதை எக்செல்லில் கோஆர்டினேட் ஆக்குவது என் பொறுப்பு.

கருவி நின்ற புள்ளி கிழக்கு 500.000, வடக்கு 1000.000. பேக்சைட் கிழக்கு 530.000, வடக்கு 960.000. அதாவது கிழக்கே 30 மீட்டர், தெற்கே 40 மீட்டர், நடுவே தூரம் 50. கருவியும் 50.001 காட்டியிருந்தது. அந்த நிம்மதியில் வடக்கிலிருந்து அளக்கும் திசைக்கோணமான பேரிங்குக்கு 30-ஐ −40-ஆல் வகுத்து ATAN போட்டேன். −36.87 வந்தது. மைனஸ் என்றால் 360 கூட்ட வேண்டும் என்று நினைத்து 323°07'48" என்று வைத்துக்கொண்டேன்.

முதல் காலம்: கோணம் 66°52'12", சாய்வுத் தூரம் 40.000, ஜெனித் 86°00'00". கிடைத்தூரம் 40 × sin 86° = 39.903. என் பேரிங்கோடு கோணத்தைக் கூட்டி 360 கழித்தால் 30°. அதை வைத்து கிழக்கு 519.951, வடக்கு 1034.557 என்று வந்தது. மற்ற 27-ம் அப்படியே. வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் காலம் இடைவெளி எல்லாம் டிராயிங்கோடு ஒத்துப்போனது! மறுநாள் சுற்றுச்சுவர் மூலையை அதே ஷீட்டில் ஏற்றியபோதுதான் அது மனைக்கு வெளியே, வடக்கே போய் விழுந்தது. மொத்தப் படமும் கருவியைச் சுற்றி 180° திரும்பியிருந்தது.

பேக்சைட் தென்கிழக்கில் இருக்கிறது. பேரிங் 180° − 36°52'12", அதாவது 143°07'48". கோணத்தைக் கூட்டினால் சரியாக 210°. கிடைத்தூரத்தை sin 210°-ஆல் பெருக்கினால் கிழக்கில் −19.951, cos 210°-ஆல் பெருக்கினால் வடக்கில் −34.557. காலத்தின் உண்மையான இடம் கிழக்கு 480.049, வடக்கு 965.443. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

டிராஃப்டிங்கில் இருப்பவர்:
பேக்சைட் தூரம் சரியா என்று பார்த்தாலே போதுமே. 1 மில்லி வித்தியாசம்தான் என்றால் ஸ்டேஷன் சரி என்று அர்த்தம். நாங்கள் எப்போதும் அவ்வளவுதான் பார்ப்போம்.

மினி பிரிசம்காரர்:
எனக்கும் தூரப் பிரச்சினை வந்தது. தூரம் அளக்கப் புள்ளியில் பிடிக்கும் பிரிசத்தை மாற்றி வேறு மாட்டினோம், அதற்கேற்ப தூரத்தைத் திருத்தும் பிரிசம் கான்ஸ்டன்ட் கருவியில் பழையதே இருந்தது. தெரிந்த புள்ளிகளில் அடித்துப் பார்த்தால் 12 மீட்டரில் 30 மில்லி குறைவு, 80 மீட்டரிலும் அதே 30. தூரம் கூடக் கூட வித்தியாசமும் வளர்ந்திருந்தால் வேறு காரணம் தேடியிருப்போம். கருவிக்கு இரு பக்கமும் எதிரெதிரே இருந்த காலங்களுக்கு நடுவே 60 மில்லி குறைந்தது. ஒரே பக்கம் ஒரே நேர்கோட்டில் இருந்த இரண்டுக்கு நடுவே ஒன்றும் தெரியவில்லை, அதனால்தான் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. உங்கள் பிரிசத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

22 வருடமாகச் சர்வே செய்பவர்:
பிரிசம் வேறு விஷயம் தம்பி, இவருடைய தூரம் எல்லாம் சரி. டிராஃப்டிங் நண்பர் சொன்னதும் பாதிதான் சரி. பேக்சைட் தூரம் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள நீளத்தை மட்டும் சொல்லும், திசையைச் சொல்லாது. கருவிப் புள்ளியையும் பேக்சைட்டையும் மாற்றி டைப் செய்தாலும் 50.001தான் வரும், பேரிங் மட்டும் 180° போய்விடும். கோஆர்டினேட் தெரிந்த மூன்றாவது புள்ளி ஒன்றையும் அடித்து, கணக்கில் வருவதும் கையில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். சுவர் மூலை உங்களுக்கு அந்த வேலையைச் செய்திருக்கிறது.

எக்செல்லில் ATAN வேண்டாம், ATAN2 போடுங்கள். B2-வில் வடக்கு வித்தியாசம், C2-வில் கிழக்கு வித்தியாசம்:

```
=MOD(DEGREES(ATAN2(B2,C2)),360)
```

−40, 30 கொடுத்தால் 143.13 வரும். பைதான் போன்றவற்றில் வரிசை தலைகீழ், அங்கே கிழக்கு முதலில். இதில் தடுமாறுபவர்கள் நிறைய. அப்புறம், 66°52'12"-ஐ 66.5212 என்று அப்படியே ஷீட்டில் போட்டுவிடாதீர்கள், அது 66.87.

புதிதாகச் சேர்ந்தவர்:
28 புள்ளியும் தொலைநோக்கியைப் புரட்டி மறுபக்கமும் பார்க்காமல், ஒரே ஃபேஸில்தானே எடுத்தார்கள்? அது பரவாயில்லையா சார்?

22 வருடமாகச் சர்வே செய்பவர்:
பேக்சைட்டையும் காலத்தையும் ஒரே ஃபேஸில், ஏறக்குறைய கிடைமட்டமாகப் பார்த்திருந்தால், பார்வைக்கோடு சற்று விலகியிருக்கும் கோலிமேஷன் பிழை இரண்டிலும் ஒரே அளவு இருந்து கழிந்துபோகும். மட்டம் கணக்கிடும்போது ஜெனித் கோணத்தின் பிழை அப்படிக் கழியாது. காலம் இடத்துக்கு ஒரு ஃபேஸ் போதும் என்பேன்.

மினி பிரிசம்காரர்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு ஃபேஸில் மட்டும் தப்பான புள்ளியைப் பார்த்துவிட்டாலும் இரண்டு ஃபேஸ் எடுத்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

சைட் எஞ்சினியர்:
ஃபார்முலாவை மாற்றிவிட்டேன், சுவர் மூலை 4 மில்லிக்குள் வந்துவிட்டது. மட்டத்துக்காக நாளைக்கு நாலு காலத்தை இரண்டு ஃபேஸிலும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் அளவுகளை இங்கே போடுகிறேன்.