ரகசியக் காப்பு விதியைத் திருத்தி எழுத உதவி வேண்டும்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் நானும் தம்பியும் மசாலாப் பொருள் உலர்த்தும் இயந்திரம் செய்கிறோம். ஒரு நிறுவனத்தோடு ஆறு மாதச் சோதனைக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட இருக்கிறோம். அவர்கள் அனுப்பிய வரைவில் ரகசியம் பற்றி ஒரே வரிதான்: “பகிரப்படும் எல்லாத் தகவலும் 2 ஆண்டுகளுக்கு ரகசியம், பொதுவில் தெரிந்தவை தவிர.”

எந்த நாளிலிருந்து 2 ஆண்டு? கையெழுத்திட்ட நாளிலிருந்து என்றால், ஐந்தாம் மாதக் கடைசியில் நாங்கள் தரும் வரைபடத்துக்கு 19 மாதம்தான் பாதுகாப்பு. அதனால் இப்படி மாற்றினேன்: “ஒவ்வொரு தகவலும் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டு, ஒப்பந்தம் முடிந்தாலும் இந்தக் கடமை தொடரும்.”

‘எல்லாத் தகவலும்’ என்பதற்குப் பதில் வரைபடம், வெப்பநிலை அளவுகள், விலை விவரம் என்று பெயர் சொல்லிவிட்டேன். வாயால் சொன்னதை 15 நாளுக்குள் மின்னஞ்சலில் உறுதி செய்தால் அதுவும் சேரும்.

விதிவிலக்குதான் எனக்குப் பெரிய கவலை. அவர்களே கசியவிட்டாலும் அது ‘பொதுவில் தெரிந்தது’ ஆகிவிடுமே! “பெறுபவரின் மீறல் இல்லாமல் பொதுவில் தெரியவந்தவை” என்று எழுதினேன். நீதிமன்றம் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு எங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தேன்.

அப்புறம், கடைசிப் பத்தியில் “இந்த ஒப்பந்தம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது” என்று இருக்கிறது. அங்கே “ரகசியக் காப்பு விதி தவிர” என்று சேர்த்தால் போதுமா, இல்லை தனி ரகசியக் காப்பு ஒப்பந்தமே போட வேண்டுமா? ஒப்பந்தம் எழுதிப் பழகிய அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்து.