மகளுக்கு 16 முடிஞ்சிற்று, இன்னும் பெரியபிள்ளை ஆகல்ல

களுவாஞ்சிக்குடி அம்மா

இதை எழுதுவமா விடுவமா எண்டு கனநாள் யோசிச்சன். மகளுக்கு மாசியில 16 முடிஞ்சது. அவவோட ஒண்டாப் படிச்ச எல்லாருக்கும் சாமத்தியவீடு முடிஞ்சு அல்பமும் பழசாப் போயிற்று. இவ மட்டும் இன்னும் பெரியபிள்ளை ஆகல்ல.

ஆள் நல்ல உயரம். மார்பு வளர்ச்சி 11 வயதிலயே தொடங்கினது. கமுக்கட்டு முடி எல்லாம் எங்களைப் போலத்தான். அதாலதான் நான் பயப்படல்ல. "உடம்பு வந்திற்று, மறுகா அதுவும் வரும் புள்ள" எண்டு அம்மம்மா சொல்லிக்கொண்டே இருந்தா. எனக்கும் 14 தாண்டித்தான் வந்தது, அவர்ட தங்கச்சிக்கு 15. வம்சம் எண்டு விட்டுட்டன்.

பங்குனியில வழமையாக் காட்டுற டொக்டர் மாதவிடாய் வரவைக்கிற மாத்திரை அஞ்சு நாளைக்குத் தந்தார். முடிஞ்சு ஒரு கிழமைக்குள்ள வரும் எண்டார். வரல்ல. அடுத்த மாதமும் தந்தார். அதுக்கும் ஒண்டுமில்லை. பிறகு வெளியில ஒரு ஸ்கேன் எடுத்தம். "கருப்பை சின்னனா இருக்கு, வளரும்" எண்டு சொல்லி அனுப்பிட்டாங்க. இப்பிடி ஆருக்கும் நடந்திருக்கா?

அக்கரைப்பற்று ராத்தா

தங்கச்சி, பயப்படாதீங்க. தைரொயிட் பாருங்க, நிறையைப் பாருங்க. என்ட தங்கச்சிட மகளும் இப்பிடித்தான். ஓட்டம், நெட்போல் எண்டு திரிஞ்ச புள்ள, எலும்பும் தோலும். சாப்பாட்டைக் கூட்டி, பயிற்சியக் குறைச்சு, உளுந்துக்களியும் எள்ளும் குடுத்து 16 நடக்கக்குள்ள வந்திற்று. இண்டைக்கு மூணு புள்ளைக்கு உம்மா.

திருக்கோவில் தாமரை

எனக்கும் இதேதான்! 13ல வந்தது, ஏ.எல். எழுதக்குள்ள ஏழு மாதம் வரல்ல. படிப்பு ரென்ஷன் எண்டு சொன்னாங்க. சோதனை முடியத் தானா வந்திற்று. உங்கட மகளுக்கும் அதுதான் போல.

பழைய மிட்வைஃப்

தாமரை, ஒருக்கா வந்து நிண்டது வேற, ஒருக்காலும் வராதது வேற. உங்களுக்கு வழி இருக்கு, கருப்பை இருக்கு எண்டு 13லயே தெரிஞ்சிற்று. இந்தப் பிள்ளைக்கு அது இன்னும் தெரியாது.

நான் 31 வருசம் படுவான்கரையிலயும் எழுவான்கரையிலயும் மிட்வைஃபா நிண்டவள். களுவாஞ்சிக்குடித் தங்கச்சி, உங்கட மகளின்ட வயதை விட நீங்க எழுதின இன்னொரு வசனம்தான் எனக்கு உறுத்துது. மார்பு வளர்ச்சி 11ல எண்டு எழுதியிருக்கிறீங்க. அது தொடங்கி ரெண்டு, ரெண்டரை வருசத்தில அநேகமா முதல் தீட்டு வந்திடும். மூணு வருசம் தாண்டினா பார்க்கவேணும். உங்கட மகளுக்கு அஞ்சு வருசம் ஆகுது.

வம்சத்தில பிந்துற பிள்ளையளுக்கு எல்லாமே பிந்தும். உயரம் பிந்தும், மார்பு பிந்தும், அதுக்குப் பிறகு தீட்டு பிந்தும். மற்றதெல்லாம் நேரத்துக்கு வந்து, அது மட்டும் வராம நிண்டா அதை வம்சத்தில போடாதீங்க. நாங்க படிக்கக்குள்ள 16 வரைக்கும் பொறுக்கலாம் எண்டு சொல்லித் தந்தாங்க. இப்ப 15 எண்டுதான் சொல்றது. மார்பே அரும்பாத பிள்ளையெண்டா 13லயே காட்டவேணும். அது வேற கதை, அங்க சூலகம் வேலை செய்யுதா எண்டதுதான் முதல் கேள்வி.

உங்கட மகளுக்கு மார்பு வளர்ந்திருக்கு எண்டா அநேகமா சூலகம் ஓமோன் சுரந்திருக்கு. ராத்தா சொன்ன தைரொயிட்டையும் பார்ப்பாங்கதான், ஆனா நல்லா வளர்ந்த பிள்ளைக்கு நான் முதல் நினைக்கிறது அதில்லை. கருப்பை இருக்கா, இருந்தா வழி திறந்திருக்கா? இதுதான் கேள்வி. அந்த மாத்திரை கருப்பைக்குள்ள வளர்ந்து நிக்கிற உட்படையை உதிரவைக்கிற மாத்திரை. கருப்பையே இல்லாட்டி எதை உதிர்க்கிறது? வழி அடைச்சிருந்தா உதிர்ந்தது எங்க போறது? ஸ்கேன் பார்க்காம அதைத் தந்தது எனக்குச் சரியாப் படல்ல.

மாதத்தில ஒருக்கா அடிவயிறு வலிக்குதா எண்டு பிள்ளையைத் தனிய வச்சுக் கேளுங்க. ஸ்கேன் எடுக்கக்குள்ள மூத்திரப்பை நிறைய இருந்ததா எண்டும் சொல்லுங்க.

வாழைச்சேனை மருமகள்

மிட்வைஃப் அம்மா வலியைப் பற்றிக் கேட்டதால என்ட கதையைச் சொல்றன். எனக்கு 14. மாதத்துக்கு மூணு நாலு நாள் அடிவயிறு பிடிச்சு இழுக்கும். "வரப்போகுது, வரப்போகுது" எண்டு அம்மா ஒவ்வொரு மாதமும் புதுத் துணி எடுத்து வைப்பா. வராது. ரெண்டு தரம் மூத்திரத்தில கிருமி எண்டு மருந்து தந்தாங்க. ஒருக்கா அப்பென்டிக்ஸ் எண்டு ரெண்டு நாள் வார்ட்டில வச்சிருந்தாங்க.

கடைசியா ஒருநாள் காலையில இருந்து மூத்திரமே போகல்ல. வயிறு வீங்கிற்று. ஆஸ்பத்திரியில ரியூப் போட்டு எடுத்தா, கிட்டத்தட்ட ஒரு லீற்றர். அப்பதான் ஒரு பெண் டொக்டர் சீலையை விலக்கிப் பார்த்தா. வெளி வாசல்ல நீலம் பாரிச்ச ஒரு சவ்வு புடைச்சுக்கொண்டு நிண்டிருக்கு. பிறக்கக்குள்ளயே திறக்கவேண்டியது திறக்கல்ல. மாதாமாதம் தீட்டு வந்துதான் இருக்கு, உள்ளுக்குள்ளயே தேங்கி மூத்திரப்பாதையை அமத்தியிருக்கு. மயக்கி அதைக் கீறி விட்டாங்க. கருப்பட்டிப் பாணி போல வந்ததாம். மூணாம் நாள் வீட்ட வந்திட்டன். இப்ப ரெண்டு பிள்ளை.

அரை நிமிசம் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். குமர்ப்பிள்ளை எண்டு கூச்சப்பட்டு ஒருத்தரும் பார்க்கல்ல. எனக்கு இண்டைக்கும் அந்த ஆத்திரம் போகல்ல.

களுவாஞ்சிக்குடி அம்மா

மகளைக் கேட்டன். வலி ஒண்டும் இல்லையாம். ஸ்கேனுக்குப் போகக்குள்ள வாகனத்தில நேரம் போயிற்று எண்டு இறங்கின உடன பாத்ரூம் போய்த்தான் வந்தவ.

பழைய மிட்வைஃப்

அப்ப அந்த ரிப்போட்டை ஒரு பக்கம் வைங்க. வயிற்றுக்கு மேலால பார்க்கக்குள்ள நிறைஞ்ச மூத்திரப்பைதான் கண்ணாடி மாதிரி. அது வெறுமையா இருந்தா பின்னால இருக்கிற எதையும் "சின்னக் கருப்பை" எண்டு சொல்லலாம். பெண்நோய் பார்க்கிற வி.ஓ.ஜி. டொக்டர்ட கிளினிக்குக்குக் கடிதம் எடுத்துக்கொண்டு போங்க. உள்ளுக்குப் பரிசோதிக்கிற ஸ்கேன் இந்தப் பிள்ளைக்குத் தேவையில்லை, ஆரும் கேட்டா மறுக்கலாம்.

களுவாஞ்சிக்குடி அம்மா

ரெண்டு மாதத்துக்குப் பிறகு வாறன், மன்னிச்சுக்கொள்ளுங்க.

முதல் நாளே மூத்திரத்தில கர்ப்பப் பரிசோதனை எண்டாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு எழும்பி வந்திருப்பன். அங்க நிண்ட மிஸ்தான் இருத்தி வச்சு, முதல் தீட்டுக்கு முன்னமே முட்டை வெளிவரலாம், அதால ஆர் வந்தாலும் செய்யிறது எண்டு விளங்கப்படுத்தினா. வெளியால மட்டும் பார்த்தாங்க. சவ்வு ஒண்டும் இல்லை.

இரத்தம் எடுத்தாங்க. தைரொயிட், புரோலாக்டின், சூலகத்தை ஏவுற ஓமோன், எல்லாம் சரி. தண்ணி குடிக்கவச்சு, முட்டிக்கொண்டு வரும் வரைக்கும் இருத்தி ஸ்கேன் பார்த்தாங்க. ரெண்டு சூலகமும் அழகா இருக்கு. கருப்பை இல்லை. இடது சிறுநீரகமும் இல்லை. எம்.ஆர்.ஐ.யிலயும் அதுதான். கருப்பை இருக்கவேண்டிய இடத்தில ரெண்டு பக்கமும் சின்ன மொட்டுப் போல மட்டும். யோனியின்ட மேல்பகுதியும் உருவாகல்ல. வயிற்றில கரு வளரக்குள்ள அந்தக் குழாய்கள் சேர்ந்து உருவாகாம விட்டதாம். எம்.ஆர்.கே.எச். எண்டு பேர். 5000 பெண்பிள்ளைக்கு ஒருத்திக்கு இருக்குமாம்.

குரோமோசோம் பார்க்கவும் கொழும்புக்கு இரத்தம் போனது. ஆறு கிழமை. 46,XX எண்டு வந்தது.

அக்கரைப்பற்று ராத்தா

யா அல்லாஹ். நான் உளுந்துக்களி சொல்லிட்டன். மன்னிச்சுக்கங்க தங்கச்சி. அது சரி, கருப்பை இல்லை எண்டு தெரிஞ்ச பிறகு குரோமோசோம் ஏன்?

பழைய மிட்வைஃப்

மார்பு வளர்ந்து கருப்பை இல்லாத பிள்ளையில இன்னொரு வகை இருக்கு. குரோமோசோம் XY, உள்ளுக்குள்ள இருக்கிறது சூலகம் இல்லை, விதை. அது சுரக்கிற ஆண் ஓமோனை உடம்பு ஏற்காது, அதால பெண்பிள்ளையாத்தான் வளரும். அவையளுக்கு கமுக்கட்டில முடி இல்லை எண்டே சொல்லலாம், இரத்தத்தில ரெஸ்ரஸ்ரரோன் ஆம்பிளை அளவுக்கு நிக்கும். அந்த விதையில பிற்காலத்தில கட்டி வரலாம் எண்டதால அதைக் கவனிக்கவேணும். இந்தப் பிள்ளைக்கு முடி சாதாரணமா இருக்கு எண்டு முதல்லயே எழுதியிருந்தாங்க. ஆனாலும் கண்ணால பார்த்துத் தீர்மானிக்கிற விசயம் இல்லை இது.

களுவாஞ்சிக்குடி அம்மா

அந்தக் கடதாசி வந்த அண்டைக்குத்தான் அவ வாய் திறந்தா. "அப்ப நான் பொம்புளப்புள்ளதானே?" எண்டு டொக்டரிட்டயே கேட்டா. ஆறு கிழமையும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா, எனக்குத் தெரியல்ல. டொக்டர் கடதாசியைத் திருப்பிக் காட்டி வாசிச்சுச் சொன்னார். சூலகம் வேலை செய்யிறதால ஓமோன் மாத்திரை ஒண்டும் வேண்டாம், எலும்புக்கும் பிரச்சினை இல்லை. தீட்டு வராது, பிள்ளை சுமக்க ஏலாது. முட்டை இருக்கு, வேற ஒருத்தி சுமக்கிறதெண்டா அவவின்ட சொந்தப் பிள்ளையாத்தான் இருக்கும் எண்டார். யோனியை நீட்டுற சிகிச்சை அவ வளர்ந்து தானா வேணும் எண்டு கேட்கக்குள்ள, அதுவும் அநேகமா ஒப்பரேஷன் இல்லாமலே செய்யலாமாம். இப்ப ஒருத்தரும் அவசரப்படுத்தக்கூடாது எண்டார்.

வீட்டில இப்ப சண்டை வேற. மாமி சொல்றா, சும்மா சாமத்தியவீட்டைச் செய்து குடுத்திடுவம், சனம் வாய் மூடும் எண்டு. மகள் மாட்டனெண்டு நிக்கிறா.

அக்கரைப்பற்று ராத்தா

ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. சொன்னா நாளைக்கு மாப்பிள்ளை தேடக்குள்ள அந்தக் கதைதான் முன்னால வரும்.

வாழைச்சேனை மருமகள்

ஊருக்குச் சொல்லவேண்டாம், சரி. கட்டப்போறவனுக்குச் சொல்லாம விடுறதா? கலியாணத்துக்குப் பிறகு தெரிஞ்சா அவளைத்தான் ஏமாத்துக்காரி எண்டுவாங்க. மறைச்ச நாங்க ஒதுங்கி நிண்டிடுவம்.

பழைய மிட்வைஃப்

ரெண்டு பேரும் பிள்ளையைக் கேட்காமத்தான் பேசிறீங்க. சாமத்தியவீட்டைப் பற்றியும் அவவின்ட வாயாலதான் முடிவு வரவேணும். நான் ஒண்டும் சொல்லல்ல.

சிறுநீரகத்தைப் பற்றி மட்டும் சொல்றன். எம்.ஆர்.கே.எச். உள்ள பிள்ளையளில கனபேருக்கு இப்பிடி ஒண்டு குறையும், இடம் மாறியும் இருக்கும். ஒற்றைச் சிறுநீரகம் எண்டு கிளினிக் கொப்பியில முதல் பக்கத்தில பெரிசா எழுதி வைங்க. தலையிடி, பல்லு வலி எண்டு கடையில வாங்கிற வலி மாத்திரை கேட்காம வேண்டாம். வருசம் ஒருக்கா பிறஷரும் மூத்திரமும் பார்க்கவேணும். அந்த மொட்டு ரெண்டையும் மறந்திடாதீங்க. சிலருக்கு அதில கொஞ்சம் உட்படை இருந்து பிந்தி வலி தொடங்கும்.

களுவாஞ்சிக்குடி அம்மா

இதை வாசிச்ச உடன மகளைக் கூப்பிட்டுக் கேட்டன். போன கிழமை ரெண்டு நாள் வலது பக்கம் அடியில லேசா வலிச்சதாம், சாப்பாடு சரியில்லை எண்டு நினைச்சாவாம். திகதியைக் கலண்டரில குறிக்கச் சொல்லியிருக்கிறன். கிளினிக் 19ஆம் திகதி.